புதுப்பிப்பு: நோன்பில் அம்மாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள்

கேட்டிருந்தது: "அம்மா காலையில் கிளிமிபிரைடும் நீர் மாத்திரையும், மூன்று வேளை மெட்ஃபார்மின் 500ம் போடுகிறார். விடியல் முதல் அந்தி வரை நோன்பிருந்தால் எதை எப்போது போடுவது?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மருந்துக்கடை அண்ணன் சொன்னபடியே டாக்டரும் கிளிமிபிரைடை நோன்பு திறக்கும் சாப்பாட்டுக்கு மாற்றினார். விடியலுக்கு முன் போட்டால், வெறும் வயிற்றோடு இருக்கும் பகலிலும் அது இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். மெட்ஃபார்மின் அந்தியில் 1000, விடியலுக்கு முன் 500. "காலை மாத்திரையை அப்படியே விடியலுக்கு முன் போடுங்கள்" என்று பதிலில் ஒருவர் சொன்னது மெட்ஃபார்மினுக்குச் சரி, கிளிமிபிரைடுக்கு இல்லை. இன்சுலின் போடும் அக்கா ஒருவர் பதிலில் சொன்ன கணக்கு, மாத்திரை மட்டும் போடும் அம்மாவுக்குப் பொருந்தவில்லை.

அப்படியும் ஒருநாள் மாலை அம்மாவுக்குக் கை நடுங்கி வியர்த்தது. விரலில் குத்திப் பார்த்தால் 66. எழுபதுக்குக் கீழே போனால் நேரம் பார்க்காமல் நோன்பை விடச் சொல்லியிருந்ததால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். அப்புறம் டாக்டர் கிளிமிபிரைடு அளவையும் குறைத்தார்.

எதிர்பாராதது நீர் மாத்திரைதான். அந்திக்கு மாற்றியதும் பகல் தலைசுற்றல் நின்றது, ஆனால் சிறுநீர் கழிக்க எழுந்து எழுந்து ராத்தூக்கம் போயிற்று. வேறு பிரஷர் மாத்திரை தரலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை.