சால் கொலர் பின்கழுத்தில் எழும்பி நிற்கிறது, அவசர உதவி

வவுனிக்குளம் பிள்ளை:
மார்கழிப் பனிக்கு அம்மாவுக்கு ஒரு ஜாக்கெட் தைக்கிறேன். சால் கொலர் முன்னுக்கு அழகாக மடிகிறது. பின்னுக்குத்தான் எழும்பி, கழுத்துத் தையல் வெளியே தெரிகிறது. ஹூடும் வேண்டுமாம். நாளைக்குக் கொடுக்க வேண்டும், என்ன பிழை?

ஊசிநூல்:
என்ன துணி? கொலரை முன்துண்டோடு சேர்த்து வெட்டினீர்களா, தனியாகவா? பின்கழுத்து எவ்வளவு?

முள்ளியவளை அக்கா:
சுடிதார் சால்தானே? ஓரத்துக்குப் பீக்கோ அடியுங்கோ, எழும்பாது.

ரேப் மாமா:
கொலர் என்றால் நேர்ப்பட்டி என்று நினைத்து வெட்டுகிற காலம் இது. அளவு சொல்லாமல் மருந்து கேட்கிறார்கள்.

பரந்தன் தம்பி:
வெளி ஓரத்தை ஈரப்படுத்தி ஸ்திரிக்கைப் பெட்டியால் இழுத்து விடுங்கள். எங்கள் கடையில் அப்படித்தான்.

வவுனிக்குளம் பிள்ளை:
கெட்டிப் பருத்தித் துணி. முன்துண்டோடு சேர்த்துத்தான். அரைப் பின்கழுத்து மூன்றேகால் அங்குலம். கழுத்துப் பக்கத் தோள்முனையிலிருந்து நேராக மேலே கீறினேன்.

மாங்குளம் அக்கா:
அந்த 'நேராக' தான் பிழை, பிள்ளை. கொலர் 1 அங்குலம் நிமிர்ந்து, 2 அங்குலம் மடிந்து விழுந்தால், அதன் ஓரம் கழுத்துத் தையலுக்கு 1 அங்குலம் கீழே முதுகில் படுக்க வேண்டும். அந்த இடத்தில் ரேப்பை வளைத்து அளந்து பாருங்கள், அரைப்பக்கம் நாலேகால் வரும். உங்கள் ஓரமோ மூன்றேகால்தான். போதாத ஓரம் கீழே இறங்காது, மேலே ஏறித்தான் நிற்கும். தாளில் கொலர்த் துண்டை ஓரத்திலிருந்து கழுத்துத் தையல் வரை மூன்று இடத்தில் வெட்டி, ஓரத்தை மொத்தம் 1 அங்குலம் விரியுங்கள். கழுத்துத் தையல் நீளம் மாறாது, ஆனால் வளையும். கொலர் தோள் பக்கம் சாயும். அதிகம் சாய்த்தால் நிமிர்வே இல்லாமல் தட்டையாகிவிடும், கவனம்.

வெட்டிய துணியைக் காப்பாற்றலாம். அடிக்கொலரைத் தோள்முனையில் வெட்டி, புதுத் துண்டு ஒட்டுப் போடுங்கள். கொலர் மடிந்ததும் வெளியே தெரிவது உள்பட்டிதான், அதை மட்டும் ஒட்டில்லாமல் புதிதாக வெட்டுங்கள்.

பரந்தன் தம்பி:
நான் சொன்னதும் ஓரத்தை நீட்டுவதுதானே அக்கா?

மாங்குளம் அக்கா:
கம்பளி என்றால் கொஞ்சம் நீளும் தம்பி. பருத்தியில் 1 அங்குலம் கேட்டால் ஒரு தோய்ச்சலோடு திரும்பிவிடும்.

ரேப் மாமா:
கரிப்பெட்டி காலத்தில் பருத்தியையும் இழுத்தோம்.

பரந்தன் தம்பி:
இழுத்ததைத் தோய்த்துப் பார்த்தீர்களா மாமா?

ரேப் மாமா:
உடுப்பு என் கையை விட்டுப் போனால் என் பொறுப்பில்லை.

ஊசிநூல்:
ஹூட் கேட்டாரே? தொண்டைக்குழியிலிருந்து உச்சந்தலை சுற்றி மறுபடி தொண்டைக்குழி வரை தளர்வாக அளந்து, பாதியோடு 1 அங்குலம் கூட்டுங்கள். அதுதான் ஹூட் உயரம், குறைந்தால் முன்கழுத்தை இறுக்கும். ஆனால் சால் கொலரோடு ஒரே தையலில் வைத்தால் பருமனாகும். அடியில் பொத்தான் வைத்துத் தனியாக மாட்டுவேன்.

மாங்குளம் அக்கா:
பொத்தான் கொலரை மேலே தள்ளும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வவுனிக்குளம் பிள்ளை:
முக்கால் அங்குலம்தான் விரித்தேன், துணி போதவில்லை. தையல் மறைந்துவிட்டது, நடுவில் மட்டும் கொஞ்சம் துள்ளுகிறது. ஹூட் தை மாதம் பார்க்கலாம்.