சாயுயரம் இருக்கட்டும், அந்தக் கோணத்துக்கு என்ன பெயர்?

மன்னார்குடி, கணக்கு ஆசிரியர்:
சதுரப் பிரமிடுக்கும் கூம்புக்குச் சொல்லும் ‘சாயுயரம்’ என்றே சொல்லிவிடுகிறோம். கூம்பில் எந்தப் பக்கம் அளந்தாலும் ஒன்றுதான். பிரமிடில் அப்படி இல்லை. பிள்ளைகள் மூலை விளிம்பை அளந்துவிட்டு அதுதான் சாயுயரம் என்கிறார்கள். ‘முகவுயரம்’ என்று மாற்றலாமா? பக்க முகம் அடியோடு சேரும் கோணத்துக்கும் ஒரு சொல் வேண்டும்.

திருவாரூர்:
நெல் அம்பாரத்துக்குத்தானே? அது எத்தனை கொட்டினாலும் ஒரே சரிவில்தான் நிற்கும், ஐயா.

மன்னார்குடி:
அம்பாரம் கூம்பு. அங்கே இந்தக் குழப்பமே வராது. நான் கேட்டது நான்கு முகம் உள்ளது.

கும்பகோணம்:
நான் இதில் கையைச் சுட்டுக்கொண்டவன். 12 அடிச் சதுரத்தில், நடுவில் 8 அடி உயரத்துக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டோம். கம்பி மூலையிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 11 அடி 8 அங்குலம் வந்தது. அதையே முக்கோணத்தின் உயரமாக வைத்துத் தகரம் வாங்கினேன். முகத்தின் நடுவில் அளந்திருந்தால் 10 அடிதான். நான்கு முகத்துக்கும் 240 சதுர அடி போதும், வாங்கியது 280. மிச்சம் இன்னும் கொல்லையில் கிடக்கிறது.

தஞ்சாவூர்:
கோணம் எளிது. முகமும் அடியும் சேரும் இடத்தில் எங்கே வேண்டுமானாலும் அளக்கலாமே?

மன்னார்குடி:
பாதி சரி. அடி விளிம்பில் எந்தப் புள்ளியும் சரி, ஆனால் முகத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று போடும் இரண்டு கோடும் அந்த விளிம்புக்குச் செங்குத்தாக இருக்கவேண்டும். கும்பகோணத்தார் கொட்டகையில் விளிம்பின் நடுவிலிருந்து அடியின் மையம் 6 அடி. tan θ = 8/6, சுமார் 53 பாகை. மூலைவிட்டத்தோடு மூலை விளிம்பை வைத்து அளந்தால் 43 பாகைதான் வரும். அது முகத்தின் கோணம் இல்லை, விளிம்பினுடையது. ‘அடிமுகக் கோணம்’ என்பது என் பரிந்துரை.

கும்பகோணம்:
எங்கள் ஆசாரி பாகையே சொல்லமாட்டார். ‘அடிக்கு 16 அங்குலம் வாட்டம்’ என்பார். 6 அடிக்கு 8 அடி என்றால் அதுதானே கணக்கு. ‘வாட்டக் கோணம்’ என்று வைத்தால் ஊரில் எல்லோருக்கும் புரியும்.

திருவாரூர்:
தண்ணீர் வராமல் பயிர் வாடினாலும் எங்களுக்கு வாட்டம்தான். பரீட்சைத் தாளில் வேண்டாமே!

மன்னார்குடி:
சிரிப்பு இருக்கட்டும். என் தயக்கம் வேறு: ஆசாரி மூலைக் கைமரத்தின் சரிவையும் வாட்டம் என்றுதானே சொல்வார்?

கும்பகோணம்:
சொல்வார். அங்கே அடிக்கு 11 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் என்பார். அதற்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறாரா என்று கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருகிறார், கேட்டு எழுதுகிறேன். ‘முகவுயரம்’ எனக்குச் சம்மதம்.

தஞ்சாவூர்:
எனக்குச் சாயுயரமே போதும். படத்தில் அந்தக் கோட்டை முகத்தின் நடுவில் போட்டுக் காட்டினால் யார் மூலைக்குப் போகப்போகிறார்கள்?