‘நீர்’ வரும் இடத்தில் த்யூவா, வூவா?

காரைக்குடியிலிருந்து:
எங்கள் ஐயா காலத்து வட்டிக்கடையைக் களமாகக் கொண்ட சிறுகதை ஒன்றைப் பிரெஞ்சில் பெயர்த்துவருகிறேன். அதில் முதலாளி மேலாளை ‘நீர்’ என்றும் பெட்டியடிப் பையனை ‘நீ’ என்றும் அழைக்கிறார். மேலாளோ முதலாளியைத் ‘தாங்கள்’ என்று மட்டுமே சொல்கிறார். ‘நீர்’ மேலிருப்பவர் கீழிருப்பவரிடம் சொல்வதுதானே என்று எண்ணி, முதல் வரைவில் அதற்குப் பிரெஞ்சில் ‘நீ’ என்று பொருள்படும் த்யூ போட்டேன். கதையின் இறுதியில் கணக்கு உதைக்கிறது. முதலாளி பேரேட்டை மூடிவிட்டு, மேலாளை முதன்முறையாக ‘நீ’ என்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே கதை எழுதப்பட்டிருக்கிறது. என் வரைவில் அவர் தொடக்கத்திலிருந்தே த்யூ சொல்லிவந்ததால், அந்த இடம் ஓசையின்றிக் கடந்துபோயிற்று.

தேவகோட்டையிலிருந்து:
‘வாரும்’ என்பதும் மரியாதை ஏவல்தான். ஆகவே ‘நீ’ தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பிரெஞ்சின் மரியாதைச் சொல்லாகிய வூ போட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

பள்ளத்தூரிலிருந்து:
பாதிதான் தீரும். ‘நீர்’ என்பதற்கு வூ என்பது சரி. ஆனால் ‘தாங்கள்’ என்பதும் வூ ஆகிவிடுவதால், முதலாளியும் மேலாளும் சமமானவர்களாகத் தெரிவார்கள். நான் இத்தகைய இடங்களில் வேறுபாட்டைச் சொல்லில் அல்லாமல் வாக்கியத்தில் வைப்பேன். முதலாளி ‘கொண்டுவாரும்’ என்னும்போது வெறும் ‘அப்போர்த்தே’ போதும், ‘ஐயா’ என்னும் பொருளுள்ள முசியே வேண்டாம். மேலாள் பேசும்போது ஒவ்வொரு முறையும் முசியே வரட்டும், ஏவலுக்குப் பதிலாகக் கேள்வி வடிவம் வரட்டும். முறியும் இடத்தில் ‘அப்போர்த்தே’ என்பது ‘அப்போர்த்’ ஆகும். ஈற்றில் நிற்கும் அந்த ஏகார ஓசை உதிர்வதே போதும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: த்யூவை நெருக்கமாகவும் பிரெஞ்சு வாசகர் கேட்பார், முதலாளி மனமிளகிவிட்டார் என்றுகூட நினைப்பார். எனவே பெட்டியடிப் பையனைத் த்யூ என்று அவர் விரட்டும் காட்சி ஒன்று அதற்கு முன்பே வாசகர் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். அப்போதுதான் மேலாள் பையன் நிலைக்கு இறக்கப்பட்டது புரியும். இறுதிவரை மேலாள் பதிலுக்கு வூ சொல்லட்டும்.

கானாடுகாத்தானிலிருந்து:
எங்கள் வீட்டுக்குப் பிரெஞ்சு மருமகள் வந்திருக்கிறாள். பிரெஞ்சு பேசத் தெரிந்த எங்கள் ஆச்சியை முதல் நாள் பட்டாலையில் வூ என்றுதான் அழைத்தாள்; ஆச்சி த்யூ சொல்லச் சொன்ன பிறகே மாறினாள். இது மொழிபெயர்ப்பு அன்று என்று அறிவேன், ஆனாலும் மாற்றத்தை முன்மொழிய வேண்டியவர் மூத்தவர் என்பது அன்று எனக்கு விளங்கிற்று.

காரைக்குடியிலிருந்து:
அது எனக்கு உதவுகிறது; எங்கள் கதையில் முன்மொழிவே இல்லாமல் முதலாளி மாறுகிறார், அவமதிப்பு அங்கேதான் இருக்கிறது. வூவுக்குத் திரும்பி முழு வரைவையும் திருத்துகிறேன். ஆனால் இன்னொரு இடம் அப்படியே நிற்கிறது. வளவில் ஆத்தா அப்பச்சியை ‘நீங்கள்’ என்கிறார், அப்பச்சி ஆத்தாவை ‘நீ’ என்கிறார். இருவருக்கும் த்யூ என்றால் நம் வீட்டு முறை போய்விடுகிறது. ஆத்தாவுக்கு மட்டும் வூ என்றால், இன்றைய பிரெஞ்சு வாசகர் அவர்களுக்குள் பிணக்கு என்று எண்ணிவிடுவாரோ என்று அஞ்சுகிறேன்.

பள்ளத்தூரிலிருந்து:
நான் இருமுறை இரண்டு விதமாகச் செய்திருக்கிறேன். இரண்டிலும் எனக்கு நிறைவில்லை.