சிறுநீர்ப்பை எரிச்சல், ஆனால் கல்ச்சரில் கிருமி இல்லை. யாருக்காவது இப்படி இருந்ததா?

தோழிகளே, பல மாதமாக அடிவயிற்றில் எரிச்சலோடு வலி. சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்ப ஏறும். போய்விட்டு வந்தால் கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் மறுபடியும். யூரின் கல்ச்சரில் ஒவ்வொரு முறையும் கிருமி வளரவில்லை என்றே வருகிறது. ஆன்டிபயாடிக் மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், பலன் இல்லை.

இப்போது பார்க்கும் யூராலஜி டாக்டர், இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸாக இருக்கலாம் என்கிறார். தொற்றே இல்லாமல் பை வலிக்கும் நிலையாம். 6 வாரத்துக்கு மேல் நீடித்து, தொற்று, கல் போன்ற வேறு காரணம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் இந்தப் பெயரைச் சொல்வார்களாம். சிலருக்கு உள்சுவரில் ஹன்னர் புண் இருக்கும், சிறுநீர்க் குழாய் வழியாகச் சின்ன கேமராவை விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபியில் பார்த்து அதைச் சுட்டுவிட்டால் வலி குறையலாம் என்றார்.

அதுவரை எத்தனை மணிக்குப் போகிறேன், எத்தனை மில்லி, என்ன சாப்பிட்டேன் என்று எழுதச் சொன்னார். அளவு போட்ட ஒரு பிளாஸ்டிக் கப் பாத்ரூமிலேயே இருக்கிறது. வலி கூடின நாளில் 80, 100 மில்லிதான் வருகிறது. ஃபில்டர் காபியும் தக்காளி ரசமும் சேர்ந்த நாள் ரொம்ப மோசம். புளியையும் விடச் சொன்னால் நம் வீட்டில் சமையலே நின்றுவிடும்!

சிஸ்டோஸ்கோபி செய்தவர்கள் இருக்கிறீர்களா, மயக்க மருந்து கொடுத்தார்களா? இந்த வலிக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் மாத்திரை எடுத்தவர்களுக்கு மறுநாள் காலையில் தூக்கக் கலக்கம் இருந்ததா? நான் வேலைக்கு வண்டி ஓட்டிப் போகிறேன், அதனால் கேட்கிறேன்.