சராசரி 118 எஃப்பிஎஸ், ஆனாலும் திக்குகிறது: எந்த எண்ணை நம்புவது?

தென்றல்_பிசி
144 ஹெர்ட்ஸ் மானிட்டர். விளையாட்டுக்குள் வினாடிக்கு 120 ஃப்ரேம், அதாவது 120 எஃப்பிஎஸ் லிமிட் வைத்திருக்கிறேன். ஒரு நிமிட ஓட்டத்தில் சராசரி 118 வருகிறது. இருந்தும் புதிய இடத்துக்குள் நுழையும்போதும் சண்டை தொடங்கும்போதும் படம் ஒரு கணம் நின்று குதிக்கிறது. 118 வந்தும் ஏன் இப்படி? கார்டை மாற்ற வேண்டுமா?

வேகன்
கார்டில் ஒரு குறையும் இல்லை. 120 லிமிட்டில் 118 என்றால் கிட்டத்தட்ட முழுசாக வருகிறது. கார்டு திணறினால் முதலில் சராசரிதான் இறங்கும். ஃப்ரேம் வரும் வேகத்துக்கு மானிட்டரை ஒத்துப்போக வைக்கும் ஃப்ரீசிங்க் ஆஃபாக இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் அதுதான்.

மீனா_கேம்ஸ்
எனக்கும் இதே தொல்லை இருந்தது தென்றல். ராத்திரி ஆனால் ஆள் நின்ற இடத்திலிருந்து குதித்துக் குதித்துப் போகும். பிங் பார்த்தால் 200க்கு மேல். வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறினேன், சரியாகிவிட்டது.

தென்றல்_பிசி
மீனா, இது ஆஃப்லைன் கேம். நெட்டைத் துண்டித்தாலும் அப்படியே இருக்கிறது. ஃப்ரீசிங்க் ஏற்கெனவே ஆனில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஃப்ரேமும் எடுக்கும் நேரத்தை அளக்கும் CapFrameX வைத்து எடுத்த கிராஃப் இணைத்திருக்கிறேன். கோடு முக்கால்வாசி நேரம் தட்டையாக இருக்கிறது, நடுவில் ஊசி மாதிரி சில இடத்தில் எகிறுகிறது.

ஃப்ரேம்கணக்கு
அந்த ஊசிகள்தான் விஷயம். உங்கள் கிராஃபில் சுமார் பத்து இருக்கின்றன, ஒவ்வொன்றும் 100 மில்லி வினாடியை ஒட்டி நிற்கிறது. அதை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

120 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃப்ரேமுக்கு 8.33 மில்லி வினாடி. பத்து ஊசிக்குமாகச் சேர்த்து 1 வினாடி போய்விடுகிறது. மீதி 59 வினாடியில் 7,080 ஃப்ரேம். ஊசி பத்தையும் சேர்த்தால் 7,090. அறுபதால் வகுத்தால் 118.2. உங்களுக்கு வந்த எண் அதுவேதான். ஒரு நிமிடத்தில் பத்து தடவை படம் பத்தில் ஒரு பங்கு வினாடி உறைந்திருக்கிறது, அதற்குச் சராசரி கொடுத்த தண்டனை 2 எஃப்பிஎஸ்கூட இல்லை.

திரை மூலையில் ஓடும் எண்ணும் காப்பாற்றாது. அது ஒரு வினாடிக்கு ஒருமுறை மாறுகிறது என்று வையுங்கள். ஊசி விழுந்த அந்த வினாடியில் மீதி 900 மில்லி வினாடிக்குள் 108 ஃப்ரேம் வந்துவிடும், உறைந்தது ஒன்று. ஆக 109 காட்டும். 120இலிருந்து 109க்கு இறங்கி ஏறினால் யார் கவனிப்பார்? ஆனால் வழக்கமாக ஒரு ஃப்ரேம் நிற்கும் நேரத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு நேரம் ஒரே படம் நின்றதைக் கண் பிடித்துவிடும். ஃப்ரீசிங்கும் இதற்கு உதவாது. அடுத்த ஃப்ரேம் வரும்வரை மானிட்டர் காட்டுவதற்கு எதுவுமே இல்லை.

கதிர்_1080
இதனால்தான் நான் சராசரி பக்கமே போவதில்லை, மிக மெதுவான ஃப்ரேம்களைக் காட்டும் 1% லோவை நேராகப் பார்ப்பேன். அது நன்றாக இருந்தால் விளையாட்டு வழுக்கிக்கொண்டு போகும், குறைவாக இருந்தால் திக்கும். கிராஃப் எல்லாம் யூடியூபில் காட்டத்தான் லாயக்கு. தென்றல், உங்களுடைய 1% லோ எவ்வளவு?

தென்றல்_பிசி
P1 என்று ஒன்று இருக்கிறது, அது 120. 1% Low Average என்று இன்னொன்று, அது 47. எதைச் சொல்வது?

கதிர்_1080
இரண்டும் ஒன்றுதானே, எப்படி வேறாக வரும்? ரெக்கார்டிங்கில் கோளாறு. மறுபடி எடுங்கள்.

ஃப்ரேம்கணக்கு
கோளாறு இல்லை கதிர், இரண்டும் வேறு வேறு கணக்கு. எல்லா ஃப்ரேம்களையும் மெதுவானது முதலில் வருமாறு வரிசைப்படுத்துங்கள். 7,090இல் 1% என்றால் முதல் 70. P1 என்பது அந்த எழுபதின் எல்லையில் நிற்கும் ஒரே ஒரு ஃப்ரேமைப் பார்க்கிறது. தென்றலுக்கு ஊசிகள் பத்துதான். பதினொன்றாவதிலிருந்தே 8.33 தொடங்கிவிடுகிறது, அதனால் எல்லையில் நிற்பதும் சாதாரண ஃப்ரேம். பத்து உறைவுகளும் அதன் கண்ணில் படவே இல்லை, 120 என்கிறது. மற்றது அந்த எழுபதையும் கூட்டிச் சராசரி எடுக்கிறது. பத்து ஊசி 1,000, மீதி அறுபதும் 500, மொத்தம் 1,500 மில்லி வினாடி. ஒரு ஃப்ரேமுக்கு 21.4, அதாவது 47 எஃப்பிஎஸ்.

```python
t = sorted(ms, reverse=True)
n = len(t) // 100
print(1000 * len(t) / sum(t))
print(1000 / t[n])
print(1000 * n / sum(t[:n]))
```

`ms` என்பது ஃப்ரேம் நேரங்களின் பட்டியல். மூன்று print வரியும் முறையே கிட்டத்தட்ட 118, 120, 47 தரும்.

மூன்றாவது முறையும் உண்டு. ஃப்ரேம் எண்ணிக்கையில் 1% எடுக்காமல் ஓட்ட நேரத்தில் 1%, அதாவது 600 மில்லி வினாடி, எடுப்பார்கள். மெதுவானதிலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் ஆறாவது ஊசியிலேயே 600 நிரம்பிவிடும். விடை 10 எஃப்பிஎஸ். ஒரே ஓட்டம்தான், 120 என்றும் 47 என்றும் 10 என்றும் சொல்லலாம், மூன்றையும் ‘1% லோ’ என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எப்படிக் கணக்கிட்டார்கள் என்று சொல்லாத பட்டியலில் இருக்கும் எண்ணை இன்னொரு தளத்தின் எண்ணோடு வைத்துப் பார்க்கவே கூடாது.

கதிர்_1080
சரி, அப்படியென்றால் சராசரி எடுக்கும் முறையை எல்லோரும் வைத்துக்கொள்ளட்டும். அப்போது ஒரு எண் போதும் அல்லவா?

ஃப்ரேம்கணக்கு
போதாது. இன்னொரு ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 58 வினாடி 120, நடுவில் ஒரு சந்தைப் பகுதியில் தொடர்ச்சியாக 2 வினாடி 40 எஃப்பிஎஸ். சராசரி 117. மெதுவான எழுபதும் 25 மில்லி வினாடி ஃப்ரேம்கள், அதனால் 1% லோ 40. தென்றலுடைய 47ஐவிட இது மோசமான எண். உட்கார்ந்து ஆடிப் பாருங்கள்: சந்தையில் கொஞ்சம் கனமாகத் தெரியும், அவ்வளவுதான். திக்காது, ஏனென்றால் 25க்குப் பிறகும் 25தான் வருகிறது. எண்ணை நம்பினால் தென்றலுடைய கம்ப்யூட்டர்தான் நல்லது என்று ஆகிவிடும்.

வரிசைப்படுத்திய அந்த நிமிடமே எது எப்போது நடந்தது என்பது தொலைந்துவிடுகிறது. கிராஃபில் அது தொலையாது. சந்தை ஒரு மேடாகத் தெரியும், உறைவு ஊசியாகத் தெரியும். 8, 25, 8, 25 என்று மாறி மாறி வந்தால் தடித்த பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைக்குச் சராசரி 60 வரும், 1% லோ 40 வரும், இரண்டையும் பார்த்தால் கெட்டதாகவே தோன்றாது. ஆனால் ஓட்டம் முழுக்க நடுங்கும்.

வேகன்
நீங்கள் சொல்வது ஒருவருடைய கம்ப்யூட்டரில் நோய் கண்டுபிடிக்கச் சரி. நான் பேசுவது இரண்டு கார்டில் எதை வாங்குவது என்பது பற்றி. அதற்குச் சராசரிதான் நிலையானது. ஒரே இடத்தை நாலு தடவை ஓட்டினாலும் சராசரி பெரிதாக நகராது. 1% லோ ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்லும். இவ்வளவு ஆடும் எண்ணை வைத்து எப்படி ஒரு கார்டு இன்னொன்றைவிட மேல் என்று தீர்ப்புச் சொல்வீர்கள்?

ஃப்ரேம்கணக்கு
ஆடும் என்பது உண்மை. எழுபது ஃப்ரேமில் பத்து முடிவு செய்கிறது, அந்தப் பத்தில் இரண்டு குறைந்தாலே எண் நகர்ந்துவிடும். ஒரு நிமிட ஓட்டத்தில் 0.1% லோ என்றால் ஏழே ஏழு ஃப்ரேம், அதை நான் ஒப்பீட்டுக்கு எடுப்பதே இல்லை. ஆனால் ஆடாத எண் என்பதற்காக, கேட்ட கேள்விக்கே பதில் சொல்லாத எண்ணை எடுக்க முடியாது. ஓட்டத்தை நீளமாக்குங்கள், பல தடவை எடுத்து எவ்வளவு ஆடுகிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

பழையகார்டு
யாரும் கிராஃபைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011இல் டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் ஒரு வினாடிக்கு உள்ளே நடப்பதை ஃப்ரேம் ஃப்ரேமாக அளந்து காட்டினார், அதிலிருந்துதான் இந்தப் பழக்கம் பரவியது. அப்புறம் 2013இல் என்விடியா எஃப்கேட் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஃப்ரேமின் ஓரத்திலும் ஒரு நிறப்பட்டை போட்டு, மானிட்டருக்குப் போகும் சிக்னலை இன்னொரு கம்ப்யூட்டரில் பதிவு செய்து, எந்த நிறம் எத்தனை வரி உயரம் என்று எண்ணுவார்கள். ஏஎம்டி கிராஸ்ஃபயர் இரட்டைக் கார்டுகளில் சில ஃப்ரேம்கள் திரையில் ஒரு சில வரி மட்டுமே வந்திருந்தன. மென்பொருள் அவற்றையும் முழு ஃப்ரேமாக எண்ணி எஃப்பிஎஸ்ஸை ஏற்றிக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆகஸ்டில் ஃப்ரேம் வரும் இடைவெளியைச் சீராக்கும் டிரைவரை ஏஎம்டி விட்டது.

இன்றைக்கும் நம் கிராஃபில் பெரும்பாலும் இருப்பது, விளையாட்டு ஃப்ரேமை ஒப்படைத்த நேரங்களின் இடைவெளிதான். அது திரைக்கு வந்த நேரம் வேறு, அந்த ஃப்ரேமுக்குள் ஆள் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறார் என்பது வேறு. கோடு தட்டையாக இருந்தும் நடை சீரில்லாமல் தெரிவதைப் பார்த்திருக்கிறேன்.

தென்றல்_பிசி
அதே பாதையில் மறுபடி ஓடினேன். பத்து ஊசி இரண்டாகிவிட்டது! சராசரி 119.6, 1% லோ 91ஐத் தாண்டிவிட்டது. எதையும் மாற்றவில்லை. அந்த இரண்டும் முன்பு வந்த அதே பெரிய வாசலிலேயே வருகின்றன.

ஃப்ரேம்கணக்கு
அப்படியானால் கார்டை மாற்றாதீர்கள். முதல் தடவை வந்து இரண்டாம் தடவை மறைந்த எட்டும் பெரும்பாலும் ஷேடர் கம்பைலிங். ஒரு தீப்பொறியோ புகையோ முதன்முதலில் தேவைப்படும்போது அதை வரைவதற்கான சிறு நிரலான ஷேடரை உங்கள் கார்டுக்கு ஏற்றபடி அந்த இடத்திலேயே தயாரிக்கிறது, அதுவரை ஃப்ரேம் காத்திருக்கிறது. ஒருமுறை தயாரானது டிஸ்க்கில் கேஷாகச் சேமிக்கப்படுவதால் அடுத்த தடவை வருவதில்லை. டிரைவர் மாற்றினால் பெரும்பாலும் கேஷ் காலாவதியாகி மறுபடி வரும். மெனுவில் ஷேடர் தயாராகும் அளவு ஓடினால் அது முடியும்வரை பொறுத்திருங்கள்.

வாசலில் தங்கிவிட்ட இரண்டும் வேறு ரகம். அடுத்த பகுதியை ஏற்றும் வேலையாக இருக்கும். விளையாட்டை எஸ்எஸ்டிக்கு மாற்றிப் பாருங்கள். அதிலும் போகவில்லை என்றால் உங்கள் கையில் இல்லை, விளையாட்டைச் செய்தவர்கள்தான் திருத்த வேண்டும்.

வேகன்
நான் சொன்னதும் அதுதானே. முதல் ஓட்டத்தை ஒதுக்கிவிட்டு மற்றவற்றின் சராசரியைப் போடுவதுதான் நியாயமான சோதனை. ஷேடர் உறைவு கார்டின் குற்றம் இல்லை.

பழையகார்டு
கார்டின் குற்றம் இல்லை, ஆனால் காசு கொடுத்தவர் ஆடுவது முதல் ஓட்டம்தான். கதை விளையாட்டில் ஒரு கட்டத்தை இரண்டாம் தடவை ஆடுகிறவர் எத்தனை பேர்? 2022 டிசம்பரில் தி கலிஸ்டோ புரோட்டோகால் பிசிக்கு வந்தபோது ஷேடர் உறைவால்தான் வசை வாங்கியது. கேஷ் நிரம்பிய பிறகு மட்டும் அளந்திருந்தால் அந்தத் தொல்லையில் பெரும்பகுதி பட்டியலிலேயே வந்திருக்காது.

வேகன்
அப்படியானால் விளையாட்டைப் பற்றிய விமர்சனத்தில் முதல் ஓட்டம், கார்டைப் பற்றிய விமர்சனத்தில் மற்ற ஓட்டங்கள். இதற்கு மேல் நான் இறங்கி வரமாட்டேன்.

கதிர்_1080
தென்றல், எஸ்எஸ்டிக்கு மாற்றிய பிறகு வாசல் பகுதியின் கிராஃபை மட்டும் போடுங்கள். 1% லோ 91 வந்தும் அந்த வாசலில் இன்னும் 100 மில்லி வினாடி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.