கிரைய ஒப்பந்தத்தில் ஒரு நீள வாக்கியம்: பிரிப்பதா, வெட்டுவதா?

மேலூர் ஜூனியர்

வணக்கம். மேலூர் பக்கம் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறேன். ஒத்தக்கடை அருகே ஒரு நிலத்துக்குக் கிரைய ஒப்பந்த வரைவு தயாராகியிருக்கிறது, இன்னும் கையெழுத்தாகவில்லை. வாங்குபவரின் அப்பா அதில் ஒரு ஷரத்தை மூன்று முறை வாசித்துவிட்டு, "தம்பி, இது எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?" என்று கேட்டார். சீனியரிடம் சொன்னேன். "புரியுற மாதிரி எழுது, ஆனா ஒண்ணும் மாறக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

வாக்கியம் இதுதான்:

"எழுதி வாங்குபவர் இந்த ஒப்பந்தத் தேதியிலிருந்து ஆறு மாதக் கெடுவுக்குள், எழுதிக் கொடுப்பவர் வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரமும் காட்டி, சர்வேயரைக் கொண்டு நிலத்தை அளந்து கல் நட்டுக் கொடுத்திருந்தால், பாக்கித் தொகையைச் செலுத்தித் தம் சொந்தச் செலவில் கிரையம் எழுதிப் பதிவு செய்துகொள்ள வேண்டியது என்றும், அளப்பதில் எழுதிக் கொடுப்பவரால் தாமதம் ஏற்பட்டால் அந்தத் தாமத நாட்கள் அளவுக்கு மேற்படி கெடு நீளும் என்றும், அப்படியின்றி எழுதி வாங்குபவர் மேற்படி கெடுவுக்குள் செலுத்தத் தவறி, அவருக்கு எழுத்து மூலம் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தும் செலுத்தாதிருந்தால் மட்டும், முன்பணத்தில் ஒரு லட்ச ரூபாயை எழுதிக் கொடுப்பவர் பிடித்துக்கொண்டு மீதியை அந்த அவகாசம் முடிந்த முப்பது நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டியது என்றும், இதற்கு இரு தரப்பாரும் அவர்தம் வாரிசுகளும் கட்டுப்பட்டவர்கள் என்றும் இதன் மூலம் ஒப்புக்கொள்ளப்படுகிறது."

இதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பிரிப்பதா, இல்லை தேவையில்லாததை வெட்டிச் சுருக்குவதா? முதலில் எதைச் செய்ய வேண்டும்?

டைப் கடை

ரொம்ப யோசிக்காதீங்க தம்பி. கோர்ட் வாசலில் வருஷக்கணக்காக டைப் அடிக்கிறேன். "என்றும்" வருகிற இடத்திலெல்லாம் ஒரு முற்றுப்புள்ளி. "ஆல்" வருகிற இடத்திலெல்லாம் இன்னொரு முற்றுப்புள்ளி. "எழுதிக் கொடுப்பவர் நிலத்தை அளந்து கல் நட்டுக் கொடுக்க வேண்டும்." முடிந்தது. "எழுதி வாங்குபவர் பாக்கியைச் செலுத்த வேண்டும்." முடிந்தது. கெடுவுக்குள் கட்டாவிட்டால் ஒரு லட்சம் போச்சு. அந்தப் பதினைந்து நாள் விவகாரத்தை எடுத்துவிட்டால் பாதிப் பாரம் குறையும்.

சென்ட் கணக்கு

எனக்கும் இதே சந்தேகம்தான். திருமங்கலம் பக்கம் பன்னிரண்டு சென்ட் இருக்கிறது. அதை இரண்டாகப் பிரித்து விற்பதா, இல்லை ஒரு பக்கம் மட்டும் வெட்டிக் கொடுப்பதா? உட்பிரிவு செய்யாமல் பத்திரம் பதிவாகுமா?

மேலூர் ஜூனியர்

அண்ணே, நான் கேட்டது வாக்கியத்தை. நிலம் முழுசாகத்தான் போகிறது.

சென்ட் கணக்கு

தலைப்பைப் பார்த்து ஏமாந்துட்டேன். சரி, நான் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பத்திரப் பேனா

ஜூனியர் தம்பி, டைப் கடை அண்ணன் சொன்னதில் முதல் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். "என்றும்" ஒவ்வொன்றும் ஒரு ஏற்பாட்டை முடித்துவைக்கிறது, அங்கே தாராளமாக உடைக்கலாம். "ஆல்" அப்படியில்லை. அது தனக்கு அடுத்து வருகிற வினையைத் தாங்கி நிற்கிறது. அங்கே முற்றுப்புள்ளி வைத்தால் வாக்கியம் மட்டும் உடையாது, ஒப்பந்தமே மாறும்.

உங்கள் வாக்கியத்திலேயே பாருங்கள். "அளந்து கல் நட்டுக் கொடுத்திருந்தால்" என்று இருக்கிறது. விற்பவர் அளந்து கொடுப்பேன் என்று இங்கே உறுதி சொல்லவில்லை. அளந்து கொடுத்திருந்தால் வாங்குபவர் பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் எழுதிய "அளந்து கல் நட்டுக் கொடுக்க வேண்டும்" என்பது விற்பவர் தலையில் ஏற்றிய புதுக் கடமை. நாளைக்கு அவர் அளக்காவிட்டால், அந்த ஒரு வரியைக் காட்டியே வாங்குபவர் வழக்குப் போட வழி கிடைக்கும். அது நியாயமான ஏற்பாடாகவே இருக்கலாம். ஆனால் அதை இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும், நாம் முற்றுப்புள்ளி வைத்து முடிவு செய்யக் கூடாது. இன்னொரு பக்கமும் பாருங்கள்: அண்ணன் எழுதியபடி "வாங்குபவர் பாக்கியைச் செலுத்த வேண்டும்" என்பது தனியாக நிற்கும்போது, நிலத்தை அளக்காவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும் என்று ஆகிவிடுகிறது.

அப்புறம் அந்தப் பதினைந்து நாளை வெட்டச் சொன்னதற்கு வருகிறேன். எதையாவது வெட்டும் முன் நான் ஒரு கதையை ஓட்டிப் பார்ப்பேன். ஒப்பந்தம் ஜனவரி 10 என்று வைத்துக்கொள்வோம், கெடு ஜூலை 10. விற்பவர் எல்லாம் சரியாகச் செய்துவிட்டார். வாங்குபவருக்கு வங்கிக் கடன் வர நாளாகி, ஜூலை 18 அன்று பணத்தோடு வருகிறார். மூல வாக்கியப்படி முன்பணத்தில் கை வைக்க முடியாது, ஏனென்றால் எழுத்து மூலம் அவகாசம் கொடுத்து அதுவும் முடிந்திருக்க வேண்டும். வெட்டிய வாக்கியப்படி ஜூலை 11 அன்றே ஒரு லட்சம் போய்விட்டது. விடை மாறுகிறதா? மாறுகிறது. அப்படியென்றால் அது வெட்டக் கூடாத இடம். "மட்டும்" என்ற ஒரு சொல்லும் அங்கேதான் இருக்கிறது, அதையும் தொடாதீர்கள்.

இதே கதையை "சொந்தச் செலவில்" என்பதில் ஓட்டுங்கள். "தம் செலவில்" என்றாலே போதும், விடை மாறாது. "இதன் மூலம் ஒப்புக்கொள்ளப்படுகிறது", "மேற்படி" எல்லாம் போகலாம். ஆனால் "மேற்படி"யை எடுக்கிற இடத்தில் எந்தக் கெடு என்று எண் போட்டுச் சொல்லுங்கள்.

ஆக, முதலில் பிரியுங்கள், பிறகு வெட்டுங்கள். பிரித்த பிறகுதான் எது எதைத் தாங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும். நான் எழுதினால் இப்படி:

1. விற்பவர் வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரமும் காட்டி, சர்வேயரைக் கொண்டு நிலத்தை அளந்து கல் நட்டுக் கொடுத்திருந்தால், வாங்குபவர் ஒப்பந்தத் தேதியிலிருந்து ஆறு மாதக் கெடுவுக்குள் பாக்கியைச் செலுத்தி, தம் செலவில் கிரையம் எழுதிப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

2. அளப்பதில் விற்பவரால் தாமதம் ஏற்பட்டால், அந்தத் தாமத நாட்கள் அளவுக்கு 1-ல் உள்ள கெடு நீளும்.

3. 1-ல் சொன்னதை விற்பவர் செய்திருந்தும், 2-ன்படி நீளும் நாட்களையும் சேர்த்த கெடுவுக்குள் வாங்குபவர் பாக்கியைச் செலுத்தவில்லை என்றால், எழுத்து மூலம் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தும் அவர் செலுத்தாதிருந்தால் மட்டும், விற்பவர் முன்பணத்தில் ஒரு லட்ச ரூபாயைப் பிடித்துக்கொண்டு, மீதியை அவகாசம் முடிந்த முப்பது நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.

மூன்றாவதில் "அப்படியின்றி" போய்விட்டதைக் கவனியுங்கள். மூலத்தில் அது தாமதத்தை மட்டும் சுட்டுகிறதா, விற்பவர் பத்திரம் காட்டாததையும் சேர்த்துச் சுட்டுகிறதா என்று தெளிவாக இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் நான் படித்தேன். இதை உங்கள் சீனியர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

டைப் கடை

அக்கா, மூன்றாவது இன்னும் நீளமாகத்தானே இருக்கிறது? "பிடித்துக்கொள்ளலாம்" என்று முடித்து, "மீதியைத் திருப்பித் தர வேண்டும்" என்பதை நாலாவதாகப் போடலாமே.

பத்திரப் பேனா

போடலாம், ஆனால் அந்த நிபந்தனை முழுவதையும் நாலாவதின் தலையிலும் திரும்ப எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், எப்போது திருப்பித் தர வேண்டும் என்பது தொங்கும். "பிடித்தால் மீதியைத் தர வேண்டும்" என்று எழுதினால், அவர் பிடிக்காமலே மொத்த முன்பணத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று கேள்வி வரும். இரண்டு செயல்களும் ஒரே நிபந்தனையில் நிற்கும்போது நான் பிரிப்பதில்லை. நீளம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

திருநகர் வீட்டுக்காரர்

என் அனுபவம் ஒன்று. வாடகை ஒப்பந்தத்தில் "இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் காலி செய்ய வேண்டும்" என்று இருந்தது. நான் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று "இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தால் காலி செய்ய வேண்டும்" என்று சுருக்கச் சொன்னேன். குடியிருந்தவர் கையெழுத்துப் போடும்போதே அதைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நோட்டீஸ் எங்கே போச்சு?" என்றார். திரும்பப் போட்டோம். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் எனக்குத்தான் லாபம், ஆனால் அது சரியில்லைதானே.

டைப் கடை

சரி, பதினைந்து நாளை விட்டுவிடுகிறேன். ஆனால் வாரிசு வரியை அக்கா எங்கேயும் சேர்க்கவில்லையே. அதை வெட்டிவிட்டீர்களா?

பத்திரப் பேனா

வெட்டிவிட்டேன். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 37: வாக்குக் கொடுத்தவர் இறந்தால் அவருடைய சட்டப் பிரதிநிதிகளை அது கட்டுப்படுத்தும், ஒப்பந்தத்தில் வேறு எண்ணம் தெரிந்தால் தவிர. வெட்டினாலும் சட்ட விடை மாறாது.

மேலூர் ஜூனியர்

அக்கா, சீனியரிடம் காட்டினேன். வாரிசு வரியைத் திரும்பப் போடச் சொன்னார். "சட்டத்தில் இருக்கு, எனக்குத் தெரியும். வாங்குறவருக்கும் விக்கிறவருக்கும் கண்ணால பார்த்தால்தான் நம்பிக்கை வரும், ஒரு வரியில என்ன குறைஞ்சுடும்" என்கிறார். நான் என்ன சொல்ல?

பத்திரப் பேனா

அவர் சொல்கிறபடி போடுங்கள், ஆனால் 4 என்று தனியாக. அதில் எந்த நிபந்தனையும் இல்லை என்பதால் யாருக்கும் தலை சுற்றாது. நானாக இருந்தால் விட்டிருப்பேன்.

மேலூர் ஜூனியர்

"அப்படியின்றி"யை அவரும் உங்களைப் போலத்தான் படிக்கிறார், அது முடிந்தது. இன்னொன்று: 2-ஐத் தனியாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று இடித்தது. "தாமதம்" என்றால் எந்த நாளைத் தாண்டினால் தாமதம்? அளப்பதற்குத் தேதியே மூல வாக்கியத்தில் இல்லை. நீள வாக்கியத்துக்குள் இருந்தபோது கண்ணில் படவில்லை.

பத்திரப் பேனா

அருமையாகப் பார்த்தீர்கள். இதைப் பிரித்தோ வெட்டியோ சரிசெய்ய முடியாது, ஏனென்றால் அந்த விஷயம் ஒப்பந்தத்திலேயே இல்லை. நீங்களாக "ஏப்ரல் 10-க்குள் அளக்க வேண்டும்" என்று போட்டுவிடாதீர்கள். அதுவும் டைப் கடை அண்ணன் செய்ததைப் போல விற்பவர் மேல் புதுக் கடமைதான். இரண்டு தரப்பையும் கேட்டு ஒரு தேதி வாங்குங்கள். கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், பதிவான பிறகு மாற்றுவதென்றால் இன்னொரு பத்திரம், இன்னொரு செலவு.

டைப் கடை

தேதி தர மாட்டேன், சர்வேயர் எப்போது வருவார் என்று எனக்கென்ன தெரியும் என்று விற்பவர் சொன்னால்?

பத்திரப் பேனா

அப்படிச் சொல்பவர்கள்தான் அதிகம், அண்ணே. "சர்வேக்கு மனுப் போட்ட நாளிலிருந்து இத்தனை நாள்" என்று சிலர் ஒத்துக்கொள்வார்கள். வாங்குபவர் பக்கம் அதை ஏற்பார்களா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது.

மேலூர் ஜூனியர்

வாங்குபவரின் அப்பா திங்கள்கிழமை வருகிறார். நாலு எண்ணோடு அச்சடித்து, 2-க்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுக்கப் போகிறேன். விற்பவரிடம் சீனியரே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.