குத்தகையை விடுவதா, குத்தகைக்கு விடுவதா?

ஹட்டன், கணினி டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். திங்கட்கிழமை செய்முறைத் தாள் போட்டோக் கொப்பிக்குப் போக வேண்டும், மூன்று சொல்லுக்காகத்தான் நிற்கிறது. எங்கள் ஆய்வுகூடத்தில் பழைய ரவுட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தோம். வைஃபையில் இருந்த லெப்டொப் எல்லாம் தானாகவே மாறிக்கொண்டன, கேபிளில் சுவிட்சோடு இணைந்த ஒன்று மட்டும் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. `ipconfig /all` அடித்தால் இப்படி வந்தது:

```
IPv4 Address. . . : 192.168.1.23(Preferred)
Default Gateway . : 192.168.1.1
DHCP Server . . . : 192.168.1.1
```

புதிய ரவுட்டரோ 192.168.8.1. இந்த இரண்டையும் அடித்ததும் சரியாகிவிட்டது, 192.168.8.104 கிடைத்தது:

```
ipconfig /release
ipconfig /renew
```

ரவுட்டர் முகவரியைக் கொஞ்ச காலத்துக்குக் கொடுப்பதைக் குறித்துத் திரையில் Lease என்று வருவதற்கும் இந்த இரண்டு கட்டளைக்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் என்ன போடுவது? நான் குத்தகை, குத்தகையை விடு, குத்தகையைப் புதுப்பி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மகள், குத்தகை நல்ல சொல், அதில் கைவைக்க வேண்டாம். குத்துமதிப்பு என்கிறோமே, அந்தக் குத்துதான் இதிலும் இருக்கிறது என்பது என் எண்ணம். அளந்து பார்க்காமல் மொத்தமாகப் பேசி முடிப்பது. பின்னால் இருப்பது கையா, தொகை தேய்ந்து வந்ததா என்று ஒரு காலத்தில் நண்பர்களோடு நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். வாரம் என்று போட முடியாது, அதில் விளைச்சலில் பங்கு வரும். ஒற்றியும் ஆகாது, அது கடனுக்குப் பிடித்த காணி. இந்த முகவரிக்கு யாரும் பங்கும் கேட்பதில்லை, கடனும் இல்லை.

ஆனால் ‘குத்தகையை விடு’ என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. குத்தகைக்கு விட்டான் என்றால் காணிக்காரன் கொடுத்தான் என்று பொருள். குத்தகையை விட்டான் என்றால் எடுத்தவன் போய்விட்டான் என்று பொருள். நடுவில் நிற்கும் வேற்றுமை உருபு ஒன்றுதான் ஆளை மாற்றுகிறது. பரீட்சை அவசரத்தில் எந்தப் பிள்ளை ஐயையும் குவ்வையும் பிரித்துப் பார்க்கப் போகிறது?

பதுளை, கெம்பஸ் மாணவன்

குத்தகை என்றாலே எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தோட்டம்தான் ஞாபகம் வரும். தொண்ணூறுகளில் அரசாங்கம் கம்பனிகளுக்குக் கொடுத்தது பல பத்து வருடக் கணக்கு, இது ஒரு நாள் கணக்கு. ‘தவணை’ என்று போடலாமே. இரண்டாவது, இவ்வளவு சொல் எதற்கு? ரிலீஸ் அடித்தால் பழைய எண் போகும், ரினியூ அடித்தால் புது எண் வரும். லெப்டொப்பை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாலும் அதே வேலைதான்.

நுவரெலியா, நெட்வேர்க் வேலை

தம்பி, தவணை என்றால் பள்ளிக்கூடத்தில் முதலாம் தவணை, இரண்டாம் தவணை. அதை இதற்குள் கொண்டுவந்தால் குழப்பம்தான். இங்கே மரக்கறிக்காரர் ஒரு போகத்துக்கும் காணியைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள், ஆகவே குத்தகை என்றாலே நீண்ட காலம் என்று இல்லை.

நீங்கள் சொன்ன ‘புது எண் வரும்’ என்பதுதான் பெரிய சிக்கல். ரவுட்டரை மாற்றாமல் இரண்டையும் அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் அதே எண்தான் திரும்பி வரும். எந்த லெப்டொப்புக்கு எதைக் கொடுத்தோம் என்று ரவுட்டர் குறித்து வைத்திருக்கும், அந்த எண் சும்மா கிடந்தால் அதையே நீட்டும். டீச்சருக்கு வேறு எண் கிடைத்தது கொடுப்பவரே மாறியதால்.

அந்த லெப்டொப் ஏன் பிடிவாதம் பிடித்தது என்று பார்த்தால் சொல்லும் தெளிவாகும். அது கேபிளில் சுவிட்சோடு இருந்தது. ரவுட்டரைக் கழற்றியபோது சுவிட்சின் விளக்கு அணையவில்லை, ஆகவே ஏதோ மாறியது என்றே அதற்குத் தெரியாது. குத்தகை 24 மணித்தியாலம் என்றால் பாதியில், அதாவது 12 மணித்தியாலத்தில், கொடுத்தவரிடமே நேரே போய் ‘இன்னும் நீட்டித் தாருங்கள்’ என்று கேட்கும். அவர் இல்லை. 21 மணித்தியாலம் ஆனதும்தான் ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று எல்லாரையும் பார்த்துக் கூப்பிடும். அப்போது புதிய ரவுட்டர் ‘அந்த எண் இங்கே செல்லாது’ என்று மறுத்தால் உடனே விட்டுவிடும், அது வாய் திறக்காவிட்டால் குத்தகை முடியும்வரை இருக்கும். ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாலும் முதலில் பழைய எண்ணைத்தான் கேட்கும். ரவுட்டர் மறுத்தால் சரி, மறுக்காவிட்டால் பழையபடியே இருந்துவிடவும் கூடும்.

அப்புறம் ரினியூ. கையில் குத்தகை இருக்கும்போது அடித்தால் நீட்டச் சொல்லிக் கேட்கும். ரிலீஸுக்குப் பிறகு அடித்தால் நீட்ட ஒன்றும் இல்லை, முதலிலிருந்து கேட்டு வாங்கும். ஒரே கட்டளைக்கு இரண்டு வேலை. ‘புதுப்பி’ என்றதும் பிள்ளைகளின் காதில் ‘புது’தான் விழுகிறது, தம்பியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

தலவாக்கலை, கொமியுனிகேஷன் கடை

எனக்கும் இதே பிரச்சினை. கடையில் பிரின்டரின் எண் அடிக்கடி மாறி லெப்டொப்பிலிருந்து பிரின்ட் போகாமல் நின்றுவிடுகிறது. இந்த இரண்டையும் லெப்டொப்பில் அடித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. சொல் எதுவானாலும் பரவாயில்லை, என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

நுவரெலியா, நெட்வேர்க் வேலை

அண்ணா, இது வேறு கதை. மாறுவது பிரின்டரின் எண், லெப்டொப்பில் எதை அடித்தாலும் அது நிற்காது. ரவுட்டருக்குள் போய் பிரின்டரின் மெக் இலக்கத்துக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி வையுங்கள்.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நுவரெலியாத் தம்பி சொன்னது விளங்குகிறது. அப்படியானால் நம்மிடம் ஆயத்தமான சொல் இருக்கிறது. அறம், பொருள், இன்பம், வீடு. விடுவதால் வீடு, பெறுவதால் பேறு. ரிலீஸுக்கு வீடு, ரினியூவுக்குப் பேறு, இரண்டையும் சேர்த்து அடித்தால் வீடுபேறு!

ஹட்டன், கணினி டீச்சர்

ஐயா, வீடு என்று எழுதினால் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் ‘ஒப்படை’ என்று யோசித்தேன், எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதுதானே. ஆனால் எங்கள் பாடசாலையில் ஒப்படை என்றால் வீட்டில் செய்து கொண்டுவரும் வேலை, அதுவும் சரிவராது.

நுவரெலியா, நெட்வேர்க் வேலை

ஒப்படை பொருளிலும் முழுதாகப் பொருந்தாது டீச்சர். ஒப்படைக்க எதிரே வாங்க ஆள் வேண்டும். ரிலீஸில் லெப்டொப் ‘விட்டுவிட்டேன்’ என்று முகவரியைக் கொடுத்தவருக்கு ஒரு செய்தி அனுப்பும், பதிலுக்குக் காத்திருக்காது. உங்கள் கேஸில் 192.168.1.1 என்ற ஆளே இல்லை, ஆனாலும் முகவரி போய்விட்டது. குத்தகையோடு ஒட்டாமல் ‘முகவரியை விடுவி’ என்று போடுங்கள், ஐயா சொன்ன ஐ, கு சண்டையும் வராது.

பதுளை, கெம்பஸ் மாணவன்

விடுவி சரி. மற்றதுக்கு ‘நீடி’ என்று போட்டால் விடுவித்த பிறகு பொருந்தாது, ‘பெறு’ என்றால் கையில் இருக்கும்போது பொருந்தாது. புதுப்பியே இருக்கட்டும். கடை லைசன்ஸை வருடா வருடம் புதுப்பிக்கிறோம், கடையா மாறுகிறது? அதே மாதிரி அதே எண்ணையும் புதுப்பிக்கலாம்.

ஹட்டன், கணினி டீச்சர்

சரி, இனி எனக்கு நேரம் இல்லை. தாளில் குத்தகை, முகவரியை விடுவி, குத்தகையைப் புதுப்பி என்று போகிறது. புதுப்பிக்குக் கீழே ‘பழைய எண்ணே மீண்டும் கிடைக்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எண்ணைக் கையால் போட்டு வைத்த லெப்டொப்பில் இந்த இரண்டும் வேலை செய்யாது என்பதும் இருக்கிறது.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பெரும்பான்மை அப்படியென்றால் போடுங்கள் மகள். ஒரு சொல்லுக்குக் கீழே விளக்கம் எழுத வேண்டியிருந்தால் அந்தச் சொல் தன் வேலையைச் செய்யவில்லை என்பதுதான் என் கட்சி. அடுத்த தாளுக்காவது பேற்றை யோசியுங்கள். குத்தகையின் பின்பாதி தொகைதான் என்பதற்கு வேறு ஆதாரமும் கையில் இருக்கிறது, நாளைக்குத் தனியாக எழுதுகிறேன்.